சூதில் மாட்டிய பிள்ளை: கூட்டத்துக்கா, கிளினிக்குக்கா?

எமது அங்கத்தவர்களின் பிள்ளைகள் பலர் இப்போது தோட்டத்தில் இல்லை. கொழும்புக் கடைகளுக்குப் போனார்கள், மட்டக்களப்புப் பக்கமும் போகிறார்கள். நாவற்குடாவில் ஒரு கடையில் நிற்கும் பிள்ளை, கைபேசியில் கிரிக்கெட் பந்தயம் கட்டி 180,000 ரூபாய் கடன்பட்டுவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். செய்தி லயத்துக்கு வந்தால் என்ன நடக்கும்? அம்மா தோட்டை அடகு வைப்பார். பெரியவர்கள் கோயிலில் சத்தியம் வாங்குவார்கள். கடன் அடையும். சில மாதங்களில் அதைவிடப் பெரிய கடனோடு வந்து நிற்பான். விட்டதைப் பிடிக்க வேண்டும் என்ற எண்ணம் அவனுக்குள் அப்படியே இருக்கிறது. தோட்டை விற்ற பணம், அவனைப் பொறுத்தவரை, இன்னொரு ஆட்டத்துக்கு வழிவிட்ட பணம்தான்.

இந்த இடத்தில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சூதை விட்டவர்களும் விட முயல்பவர்களும் கூடும் கூட்டம். 1957இல் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் ‘கேம்ளர்ஸ் அனோனிமஸ்’ என்ற பெயரில் இது தொடங்கியது. கட்டணம் இல்லை, வைத்தியர் இல்லை. அங்கே 20 கேள்விகள் கேட்பார்கள். ஏழுக்காவது ‘ஆம்’ என்றால் நோய் பிடித்துவிட்டது என்று கொள்கிறார்கள். இரண்டாவது வழி வைத்தியசாலையின் மனநலப் பிரிவு.

கூட்டத்தின் பலம் கடன் விஷயத்தில் தெரியும். அனுபவப்பட்டவர்கள் ஆளையும் வீட்டாரையும் உட்கார வைத்து எல்லாக் கடனையும் ஒரு தாளில் எழுதச் சொல்வார்கள். ஒளித்த கடன் ஒன்று மிஞ்சினாலும் அதை அடைக்கத் திரும்பவும் ஆடுவான் என்பது அவர்களுக்குத் தெரியும். நம்ம பிள்ளையின் சம்பளம் 45,000 என்றால், வீட்டுக்கு 25,000, சாப்பாடு, பஸ்ஸுக்கு 8,000. மிச்சம் 12,000. பதினைந்து மாதத்தில் கடன் தீரும், வட்டி சேர்ந்தால் இன்னும் இழுக்கும். சம்பளம் அவன் கைக்கு வராமல் வீட்டார் கைக்குப் போக வேண்டும். அவனே அடைக்க வேண்டும், தோடு போகக் கூடாது.

பலவீனமும் உண்டு. 1988இல் பிரித்தானியாவில் வெளியான ஓர் ஆய்வின்படி, இந்தக் கூட்டத்துக்கு வந்தவர்களில் ஓராண்டு முழுக்க ஆடாமல் இருந்தவர்கள் நூற்றுக்கு 8 பேர்தான். பலர் ஒன்றிரண்டு முறையோடு நின்றுவிடுகிறார்கள். இன்னொன்று, நம்ம லயத்தில் இரகசியம் எங்கே இருக்கிறது? ஒரு வீட்டில் சொன்னது மறுநாள் காலை பிரட்டுக் களத்தில் கேட்கும். அதனால் தோட்டத்துக்குள்ளேயே கூட்டம் போடுவதை நாம் ஆதரிக்கவில்லை. டவுனில் கூடட்டும்.

கிளினிக்கில் நடப்பது வேறு. ஆலோசகர் அவனை எழுத வைப்பார்: எந்த நாள், எந்த நேரம், அதற்கு முன் என்ன நடந்தது. சம்பள நாளா, சண்டைக்குப் பிறகா, பந்தயக் கம்பனியின் குறுஞ்செய்தி வந்த பிறகா? அந்த நேரத்துக்கு என்ன செய்வது என்று முன்கூட்டியே முடிவு செய்வார்கள். “நாலு தடவை தோற்றாச்சு, ஐந்தாவது வரும்” என்ற நம்பிக்கையையும் உடைப்பார்கள். முன்பு தோற்றது அடுத்த ஆட்டத்தைத் தொடுவதே இல்லை.

2006இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், கூட்டத்துக்குப் போங்கள் என்று மட்டும் சொல்லப்பட்டவர்களைவிட, அதோடு எட்டு முறை ஆலோசனையும் பெற்றவர்கள் நன்றாகத் தேறினார்கள். கூட்டத்துக்குத் தொடர்ந்து போனவர்களும் நன்றாகவே இருந்தார்கள். ஆகவே இரண்டையும் எதிரிகளாக நிறுத்த வேண்டாம். எதை முதலில் என்பதுதான் கேள்வி.

செத்துப் போகலாம் என்ற பேச்சு, தூக்கமின்மை, குடி, யாரோடும் பேசாமல் ஒதுங்குதல் இருந்தால் முதலில் வைத்தியசாலைதான். கூட்டத்தில் இருப்பவர்களால் அதைத் தாங்க முடியாது. இரவில் என்றால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள். நடுக்குவாதத்துக்கு மருந்து எடுக்கும் பெரியவர் திடீரென்று சூதில் இறங்கினாலும் வைத்தியரிடம் சொல்லுங்கள். சில மாத்திரைகளே அந்த ஆசையைக் கிளப்பும். இவை எதுவும் இல்லை, ஆள் தெளிவாக இருக்கிறான், கடன்தான் பாரம் என்றால் அனுபவப்பட்டவர்களோடு தொடங்கலாம். ஒன்றிரண்டு மாதமாகியும் ஒளித்து ஆடுகிறான் என்று தெரிந்தால் கிளினிக்கையும் சேர்க்க வேண்டும்.

மொழியையும் பாருங்கள். மனசில் உள்ளதை இரண்டாம் மொழியில் சொல்ல முடியாது. மலையகத்தில் கிளினிக் இருந்தாலும் தமிழில் பேசும் ஆலோசகர் கிடைப்பது பாடு. நாவற்குடாவில் நிற்கும் பிள்ளைக்கு அந்தக் கஷ்டம் இல்லை. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை பக்கத்தில் இருக்கிறது, தமிழில் பேசலாம், காசும் இல்லை. ஆகவே கலவரப்பட்டு அவனை உடனே தோட்டத்துக்குக் கூப்பிடாதீர்கள். வேலையும் போகும், வைத்தியமும் போகும். அப்பாவோ அண்ணனோ ஒருவர் அங்கே போய், முதல் நாள் கிளினிக்குக்குக் கூடவே போகட்டும். கடன் தாளைக் கையில் கொண்டு போங்கள்.