குழந்தை பார்க்கப் போகிறீர்களா?

பிரசவமான பெண்ணைப் பார்க்கக் கிளம்பும்போது ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொள்ள நாம் மறப்பதில்லை. என்ன வார்த்தை எடுத்துப் போகிறோம் என்றுதான் யோசிப்பதில்லை.

மூன்றாம் நாள் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பிறந்தபோது 3 கிலோ இருந்த குழந்தை அன்று 2 கிலோ 800 கிராம்தான் இருக்கும். முகம் சற்றுச் சுருங்கினாற்போல் தோன்றும். "அடடா, வாடிக் கிடக்கிறதே! பால் பத்தலையோ?" என்று வாயில் வந்துவிடுகிறது. அக்கறையாகத்தான் சொல்கிறோம். ஆனால், பிறந்த சில நாளைக்கு எடை இப்படிக் கொஞ்சம் குறைவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் மீண்டுவிடும். முதலில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பால் சில ஸ்பூன்தான். அந்தச் சின்னஞ்சிறு வயிற்றுக்கு அதுவே போதும். மூன்று, நாலு நாளில்தான் பால் நன்றாக இறங்கும். சிலருக்கு இன்னும் ஓரிரு நாள் தாமதமாகலாம்.

பெற்றவளோ தூக்கமில்லாமல், தொட்டதற்கெல்லாம் கண் கலங்கும் நிலையில் இருக்கிறாள். நீங்கள் படியிறங்கியதும் அழுகிறாள். பாட்டி பயந்துபோய்ப் பவுடர் பால் டின் வாங்கி வருகிறாள். புட்டிப் பாலில் வயிறு நிறைந்த குழந்தை தாயிடம் சப்புவதைக் குறைக்கிறது. சப்பாவிட்டால் பால் சுரப்பதும் குறையும். அடுத்த வாரம் உங்கள் வாக்குப் பலித்தே விடுகிறது!

பால் போதுகிறதா என்று வீட்டார் அறிய எளிய வழி உண்டு. ஐந்தாம் நாளிலிருந்து, ஒரு நாளில் ஆறு துணிக்குக் குறையாமல் நனைந்தால் பெரும்பாலும் கவலை இல்லை. அதற்குக் குறைந்தாலோ, குழந்தை பால் குடிக்க விழிக்காமல் துவண்டு கிடந்தாலோ உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். அதெல்லாம் அவர்கள் பாடு; பார்க்கப் போன நமக்கு விசாரணை எதற்கு?

குழந்தையைப் பார்க்குமுன் தாயைப் பாருங்கள். "ராத்திரி கொஞ்சமாவது தூங்கினாயா, அம்மா? நாளைக்கு ரசமும் கறியும் அனுப்பட்டுமா?" என்று கேளுங்கள். 'அழகு' என்றால் திருஷ்டி என்று நினைக்கும் வீடானால், "எவ்வளவு சமர்த்தாகத் தூங்குகிறது!" என்றால் போயிற்று. இரண்டாவதும் பெண்ணா? "அடுத்தது பிள்ளையாகப் பிறக்கும்" என்ற ஆறுதலை யார் கேட்டார்கள்?

முன்கூட்டியே டெலிபோனில் கேட்டுக்கொண்டு போவது நல்லது. கால் மணி நேரம் போதும். குழந்தை பாலுக்குச் சிணுங்கினால், "நான் வெளியே இருக்கிறேன்" என்று நீங்களாகவே எழுந்துவிடுங்கள். கூட வந்த ஆண்பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளுங்கள். தூக்குமுன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். முத்தம் வேண்டாம். உதட்டில் கொப்புளம் இருந்தால் கிட்டவே போகாதீர்கள்; அந்தக் கிருமி பச்சைக் குழந்தைக்கு உயிராபத்தாக முடியலாம். சேனை தொட்டு வைக்கச் சொல்லித் தேன் கிண்ணத்தை நீட்டினால், ஒரு வயது வரை தேன் கூடாது என்று டாக்டர்கள் சொல்வதைப் பக்குவமாக எடுத்துச் சொல்லி, குழந்தையின் பாதத்தை மெல்லத் தொட்டுவிட்டு வாருங்கள்.

ஜலதோஷமா? பெயர் சூட்டும் நாளுக்குப் போய்க்கொள்ளலாம். பழத்தை மட்டும் யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள்.