வைக்கப்படும், நகர்த்தப்படும்: யாரால்?

பலகை விளையாட்டுகளின் விதித்தாளைத் தமிழாக்கும்போது கலைச்சொல் போதவில்லை என்ற புலம்பல் நம் துறைகளில் ஓயாமல் ஒலிக்கிறது. இதை நான் மறுக்கிறேன். அத்தாள்கள் விளங்காமல் போவதற்குச் சொற்பஞ்சம் காரணமன்று. யார், எப்போது, எதைச் செய்கிறார் என்பதை வாக்கியம் மறைத்துவிடுவதே காரணம்.

ஆடுபுலி ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 23 புள்ளிகள், 3 புலிகள், 15 ஆடுகள். புலிகள் முதலிலேயே இறங்குமா, ஆடுகளோடு மாறிமாறி இறங்குமா என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். புலிகள் முதலில் இறங்கும் வகைக்கு, மொழிபெயர்ப்பு நடையில் வழக்கமாக வரும் வாக்கியம் இது: "ஆடுகள் ஒவ்வொன்றாக வைக்கப்படும். 15 ஆடுகளும் வைக்கப்பட்ட பின்னரே காய்கள் நகர்த்தப்படும்."

இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆனால் ஆட்டம் கெட்டது. 'காய்கள்' என்பதில் புலியும் அடக்கம் என்று படிப்பவர் கொள்வார். அவர் புலியை அசைக்காமல் காத்திருக்க, எதிராளி 15 ஆடுகளையும் அச்சமின்றி அடுக்கிவிடுவார். பலகையில் 18 காய்கள் நின்று 5 புள்ளிகளே எஞ்சியிருக்கும். தாவ இடமின்றிப் புலி திணறும். உண்மையான விதியோ வேறு. ஆடுகள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே புலி நகரும், வெட்டும். நகரத் தடை ஆடுகளுக்கு மட்டுமே.

இது மொழியின் குறையா? இல்லை. தமிழ் வினைமுற்று இடம், எண், பால் மூன்றையும் விகுதியில் சுமக்கிறது. 'வைப்பார்' என்றாலே செய்பவர் ஒருவர் இருக்கிறார் என்பது தெரிந்துவிடும். 'வைக்கப்படும்' என்னும்போது விகுதி ஆட்டைச் சுட்டுகிறது, ஆள் மறைந்துவிடுகிறார். 'வேண்டும்' என்பதும் இடம் காட்டாது. ஆகவே 'வைக்க வேண்டும்' என்று எழுதுவோர் எழுவாயைச் சொல்லியே ஆகவேண்டும். வாளையாரில் இதற்குக் கூடுதல் காரணமும் உண்டு. இங்கே மலையாளத் தாளைப் பார்த்துத் தமிழ்த் தாள் எழுதுவது இயல்பு. மலையாள வினைமுற்றில் இடம் காட்டும் விகுதி இல்லை. அந்த வாக்கிய அமைப்பை அப்படியே தூக்கி வைத்தால், தமிழ் இலவசமாகத் தரும் தகவலைக் கை நழுவவிடுகிறோம்.

இரண்டாவது குழப்பம் 'முறை' என்ற சொல். 'விளையாடும் முறை' என்பதில் அது வழி. 'இரண்டு முறை' என்பதில் தடவை. 'உன் முறை' என்பதில் ஆடும் வரிசை. மூன்றும் ஒரே தாளில் வந்தால், "புலி ஒரு முறை தாவலாம்" என்பதற்கு என்ன பொருள்? ஆட்டம் முழுவதிலும் ஒரே தடவையா, தன் வாய்ப்பு வரும்போதெல்லாம் ஒரு தடவையா? மலையாளத்தில் ஆடும் வரிசைக்கு 'ஊழம்' என்ற தனிச்சொல் உண்டு. நம் 'ஊழ்' என்பதற்கும் பழைய தமிழில் முறைமை என்ற பொருள் உண்டு என்று காட்டி, அதை மீட்கலாம் என்பார்கள் சிலர். இன்றைய தமிழ்க் காதில் ஊழ் என்றால் விதிதான். புதுச்சொல் தேடுவதைவிட, இருக்கும் சொற்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பதே தக்கது. 'முறை' ஆடும் வரிசைக்கு மட்டும். எண்ணிக்கைக்குத் 'தடவை'. தலைப்புக்கு 'விளையாடுவது எப்படி'.

இப்போது அதே விதி:

தொடங்கும் முன்
1. ஒருவர் புலிக்காரர், மற்றவர் ஆட்டுக்காரர்.
2. புலிக்காரர் 3 புலிகளையும் படத்தில் குறியிட்ட புள்ளிகளில் வைப்பார். ஆட்டுக்காரர் 15 ஆடுகளையும் கையில் வைத்திருப்பார்.

ஆட்டம்
3. முதல் முறை ஆட்டுக்காரருடையது. அவர் காலியான புள்ளி ஒன்றில் ஓர் ஆட்டை வைப்பார்.
4. அடுத்த முறை புலிக்காரருடையது. அவர் ஒரு புலியை அடுத்த காலிப் புள்ளிக்கு நகர்த்துவார். அல்லது பக்கத்து ஆட்டை நேர்கோட்டில் தாண்டி, அப்பாலுள்ள காலிப் புள்ளியில் இறங்கி அதை வெட்டுவார்.
5. இப்படியே மாறிமாறி ஆடுவர். கையில் ஆடு இருக்கும்வரை ஆட்டுக்காரர் பலகையிலுள்ள ஆட்டை நகர்த்தக் கூடாது.

இதில் அருஞ்சொல் ஒன்றுகூட இல்லை. பலகையை அமைப்பதும் ஆடுவதும் தனித்தனியே நிற்கின்றன. ஒவ்வொரு செயலுக்கும் ஆள் உண்டு. தடை யாருக்கு, எதுவரை என்பது ஒரே வாக்கியத்தில் முடிகிறது. தாள் நீளும் என்பது உண்மை; 'புலிக்காரர்', 'ஆட்டுக்காரர்' என்று திரும்பத் திரும்ப வருவது நடையழகுக்கும் ஒவ்வாது. விதித்தாளில் கூறியது கூறல் குற்றமன்று. கூறாமல் விடுவதே குற்றம்.

சோதிப்பது எளிது. ஆட்டம் அறியாத இருவரிடம் தாளைக் கொடுத்துவிட்டு வாய் திறக்காமல் இருங்கள். "இப்ப யாரு?" என்று அவர்கள் கேட்கும் இடத்தில் கலைச்சொல் அகராதியைத் தேடாதீர்கள். அந்த வாக்கியத்தின் எழுவாயைத் தேடுங்கள்.