ஆடித் தள்ளுபடி நோட்டீஸில் கடையின் பெயர் கெடலாமா?

ஆடி பிறந்துவிட்டால் ‘அதிரடி’ என்ற சொல் இல்லாத சுவரே நம் ஊர்களில் கிடையாது. கல்யாண முகூர்த்தம் இல்லாத மாதம். ஜவுளி வியாபாரம் மந்தம். தீபாவளிச் சரக்கு வந்து இறங்குமுன் பழையதைக் காசாக்கி அலமாரியைக் காலி செய்தாக வேண்டும். எனவே தள்ளுபடி கொடுப்பதில் குற்றமில்லை. நோட்டீஸில் எழுதும் வாசகத்தில்தான் பல கடைக்காரர்கள் தங்கள் பெயரைத் தாங்களே குறைத்துக்கொள்கிறார்கள்.

உதாரணமாக ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். 650 ரூபாய் விலையுள்ள சட்டைகளில் 85 மிஞ்சியிருக்கின்றன. கொள்முதல் 430 ரூபாய். 38, 40 அளவுகள் விற்றுத் தீர்ந்து, 42, 44 மட்டுமே நிற்கின்றன. ஆறு சட்டைகளில் கறை. முதலாளி அந்த ஆறையும் பாதி விலைக்குப் போட்டுவிட்டு, ‘அதிரடி! அதிரடி! 50% வரை தள்ளுபடி! வந்த விலைக்கே விற்கிறோம்!’ என்று அச்சடிக்கிறார். ‘வரை’ மட்டும் எறும்பு அளவு எழுத்தில்! வந்தவர் பாதி விலைச் சட்டையைக் கேட்கிறார். கறைச் சட்டையைக் காட்டுகிறார்கள். அவர் மறுபடி வருவாரா? ‘வந்த விலைக்கே’ என்பது இன்னும் மோசம். அப்படியானால் மற்ற பதினொரு மாதமும் எவ்வளவு லாபம் வைத்தார் என்றல்லவா வாடிக்கையாளர் கணக்குப் போடுவார்?

அதே சரக்குக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: ‘தீபாவளிப் புதுச் சரக்குக்கு இடம் தேவைப்படுவதால், 42, 44 அளவுச் சட்டைகள் 79 மட்டும், 650 ரூபாய் விலையுள்ளவை 520 ரூபாய்க்கு. ஆடி 31 முடிய. புதிய சரக்குக்குத் தள்ளுபடி இல்லை.’

இதில் கெஞ்சல் இல்லை, கூச்சல் இல்லை. விலை குறைந்த காரணம் இருக்கிறது. அளவு சொல்லியிருப்பதால் 38 தேடுபவர் வீணாக அலையமாட்டார். சட்டைக்கு 90 ரூபாய் மிஞ்சுகிறது; வாடகையும் சம்பளமும் அதிலிருந்துதான் என்பது வேறு விஷயம். கடைசி வாக்கியம் முக்கியமானது. அது இல்லாவிட்டால் புதுச் சட்டைக்கும் பேரம் தொடங்கிவிடும். கறைச் சட்டை ஆறையும் தனிக் கூடையில், கறை என்று எழுதியே வைக்கலாம்.

கைவசம் போதிய சரக்கு இல்லாமல் ஆசை காட்டி அழைக்கும் விளம்பரத்தை 2022-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் தடுக்கின்றன. எண்ணிக்கையைச் சொல்லிவிட்டால் அந்தத் தொல்லையும் இல்லை.

ஆனால் ஆவணி முதல் தேதி காலையில் போர்டைக் கழற்றிவிட வேண்டும். 20 சட்டை நின்றாலும் சரி. ‘மக்களின் பேராதரவால் மேலும் பத்து நாள்’ என்று ஒட்டினால், சரக்கு போகவில்லை என்று ஊருக்கே தண்டோரா போட்டதாகிவிடும். ‘அடுத்த வாரம் இன்னும் குறையுமா?’ என்று யாராவது கேட்டால், உங்கள் தேதியை அவர் நம்பவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள். நின்ற சட்டைகளை நடைபாதை வியாபாரிக்கு மொத்தமாகக் கொடுத்துவிடலாம், கடையின் லேபிளைப் பிரித்துவிட்டு.