ஈசிஜி தாளை வெட்டாம அனுப்புங்க

வாட்ஸ்அப்ல ஈசிஜி அனுப்பறவங்க கோடு இருக்கிற இடத்தை மட்டும் வெட்டி அனுப்பறீங்க. தாளோட ஓரத்துல 25 mm/s, 10 mm/mV-ன்னு சின்னதா அச்சாகியிருக்கும். அது தெரியாம நாடித்துடிப்பைக்கூட உறுதியா சொல்ல முடியாதுங்க.

போத்தனூர்ல ஒரு 55 வயசுக்காரர். மேல்வயித்துல எரிச்சல், வேர்வை, "கேஸ்தாங்க"ங்கறார்னு வைச்சுக்குவோம். படத்துல ரெண்டு கூர்முனைக்கு நடுவுல 6 பெரிய கட்டம். 300-ஐ 6-ஆல வகுத்தா, நிமிஷத்துக்கு 50. (தாள் 50 mm/s-ல ஓடியிருந்தா இதே 6 கட்டம் 100 ஆயிடும்!) இடைவெளி சீரா இருக்கு, ஒவ்வொரு முனைக்கும் முன்னாடி P அலை இருக்கு. சைனஸ் ரிதம்தான், ஆனா மெதுவா.

அடுத்து ST. தாள் கசங்கினாலோ போனைச் சாய்ச்சுப் பிடிச்சாலோ கோடே சரிவாத் தெரியும். அதனால அதே துடிப்புல P அலைக்கு முன்னால இருக்கற சமதளத்தோட ஒப்பிடணும். இவருக்கு II, III, aVF மூணுலயும் ரெண்டு சின்னக் கட்டம் மேல, aVL-ல கீழ. அந்த எதிர்ப்பக்க இறக்கம்தான் சந்தேகத்தைத் தீர்க்குது: இதயத்தோட அடிப்பக்கத்துல மாரடைப்பு. aVL-ஐ வெட்டியிருந்தா?

இந்த வகையில வலது கீழறையும் பாதிச்சிருக்கலாம். அப்போ நாக்கடியில சார்பிட்ரேட் வைச்சா பிரஷர் சட்டுனு விழுந்துடும். பக்கத்து வீட்டு மாத்திரையைத் தேடாதீங்க, 108-ஐக் கூப்பிடுங்க.

முதல் ஈசிஜி நார்மலா இருந்தும் வலி போகலைன்னா, ஆஸ்பத்திரியிலயே இருந்து 15–30 நிமிஷத்துல திரும்ப எடுக்கச் சொல்லுங்க.