இரண்டாவது கிளையில் ஏன் பிழை?

சாதாரண தரப் பிள்ளை ஒன்றின் கணித விடைத்தாள் படம் இரண்டு நாளா நம்மூர்ல கைமாறுது. "கூட்டினா 1 வருதே சேர், ஏன் பிழை போட்டாங்க?" என்று பல பெற்றோர் கேட்டீங்க. என் அபிப்பிராயம் இதுதான்: பிழை போட்டது சரி. முழுப் புள்ளியையும் வெட்டினது சரியில்ல.

கணக்கைப் பாருங்க. பையில் 3 சிவப்பு, 2 வெள்ளை மணிகள். ஒன்றை எடுத்து, திரும்பப் போடாமல் இன்னொன்றை எடுக்கணும். இரண்டும் சிவப்பாக இருக்கும் நிகழ்தகவு என்ன?

மர வரிப்படத்தின் முதல் கிளைகளில் 3/5, 2/5 என்று பிள்ளை சரியாகத்தான் போட்டிருக்கு. இரண்டாவது கிளைகளிலும் அதையே எழுதி, விடை 9/25 என்று முடிச்சிருக்கு. இப்படி எழுதினாலும் ஒவ்வொரு சோடிக் கிளையும் கூட்டினால் 1 தான் வரும். அதனால அந்தச் சரிபார்ப்பு இந்தப் பிழையைக் காட்டிக் கொடுக்காது. பார்க்க வேண்டியது பகுதியெண்ணை.

கூடையில் இருந்த 5 மீனில் ஒன்று சட்டிக்குப் போனா மிச்சம் 4 தானே! முதலில் சிவப்பு வந்திருந்தால் அடுத்த கிளைகள் 2/4, 2/4. வெள்ளை வந்திருந்தால் சிவப்புக்கு 3/4, வெள்ளைக்கு 1/4. முதல் எடுப்பைப் பொறுத்து இரண்டாவது மாறுது. சார்ந்த நிகழ்ச்சி என்பது இதைத்தான். சரியான விடை 3/5 × 2/4 = 3/10.

ஆனாலும் கிளை வழியே பெருக்கணும் என்று பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்கு. மணியைத் திரும்பப் போட்டிருந்தால் 9/25 தான் விடை. அந்தப் படிக்காவது புள்ளி கொடுத்திருக்கலாம்.

பிள்ளையை ஏசாதீங்க. 5 பொத்தானை ஒரு பையில் போட்டுக் கொடுத்து, இரண்டாவதை எடுக்க முந்தி "இப்ப உள்ளே எத்தனை?" என்று கேளுங்க.