அட்டையில் புது ஆண்டு, உள்ளே பழைய விடை

திற்பரப்பில் இருந்து குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் ஒரு பெண், தன் ஊர் எந்த வட்டத்தில் இருக்கிறது என்று பழைய கைடைப் புரட்டினால் கல்குளம் என்றிருக்கும். குமரி மாவட்டத்தில் நான்கு வட்டங்கள் என்றும் அதே பக்கம் சொல்லும். கல்குளத்தைப் பிரித்துத் திருவட்டாறு வட்டமும், விளவங்கோட்டைப் பிரித்துக் கிள்ளியூர் வட்டமும் உருவாகி, இன்று வட்டங்கள் ஆறு. சொந்த ஊரைப் பற்றிய தவறை அவள் கண்டுபிடித்துவிடுவாள். டெல்லியில் திருத்திய சட்டத்தைப் பற்றிய தவறை எப்படிக் கண்டுபிடிப்பாள்?

பழைய கைடைப் பழைய கைடு என்று விற்றால் நமக்குப் புகார் இல்லை. அண்ணன் படித்ததைத் தம்பி படிப்பது நம் வீடுகளில் வழக்கம்தான். அட்டையில் மட்டும் ஆண்டை மாற்றி, முன்பக்கத்தில் நாற்பது பக்க நடப்பு நிகழ்வுகளை ஒட்டி, அரசியலமைப்புப் பாடத்தைத் தொடாமல் முழு விலைக்கு விற்கிறார்களே, அதைத்தான் கண்டிக்கிறோம். பதிப்பாளர்களே, இது ஏமாற்று.

ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாடு சட்டமன்றப் பேரவையின் மொத்த உறுப்பினர்கள் எத்தனை பேர்? பழைய விடை 235. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 234 பேர். 333-வது உறுப்பின்படி ஆளுநர் நியமிக்கும் ஆங்கிலோ இந்திய உறுப்பினர் ஒருவர். இந்த நியமனத்துக்குக் காலவரம்பு வைத்தது 334-வது உறுப்பு. நாடாளுமன்றம் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை அந்த வரம்பை நீட்டிக்கொண்டே வந்தது. 104-வது திருத்தம் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான இட ஒதுக்கீட்டை மட்டும் 2030 வரை நீட்டித்தது. ஆங்கிலோ இந்தியர் நியமனத்தை நீட்டிக்கவில்லை. 2020 ஜனவரி 25-ல் அது நடைமுறைக்கு வந்தது. அப்போது இருந்த பேரவை கலையும்வரை நியமன உறுப்பினர் தொடரலாம் என்பதால், 2021-ல் அமைந்த பேரவையில்தான் எண்ணிக்கை 234 ஆனது. மக்களவையின் உச்ச எண்ணிக்கையும் இதே காரணத்தால் 552-லிருந்து 550-க்கு இறங்கியது.

இதைத் திருத்திவிட்டோம் என்று சொல்லும் சில கைடுகளும் வேறொரு பள்ளத்தில் விழுகின்றன. 331, 333-வது உறுப்புகள் நீக்கப்பட்டன என்று அச்சிடுகின்றன. அவை இன்னும் அரசியலமைப்பில்தான் இருக்கின்றன. காலவரம்பு முடிந்ததால் செயலற்றுப் போயின, அவ்வளவே. பத்திரிகைச் செய்தியைப் பார்த்துத் திருத்தினால் இப்படித்தான் ஆகும். சட்டத்தின் வாசகத்தைப் பார்த்துத் திருத்தியிருக்க வேண்டும். குரூப் 4-ல் 200 கேள்விகளுக்கு 300 மதிப்பெண். ஒரு கேள்விக்கு ஒன்றரை. அந்த ஒன்றரைக்குள் எத்தனை பேர் நெருக்கியடித்து நிற்பார்கள் என்பது பதிப்பாளர்களுக்குத் தெரியாததல்ல.

தேதியிலும் கோட்டை விடுகிறார்கள். பாரதிய நியாய சன்ஹிதாவுக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தது 2023 டிசம்பர் 25-ல். அது நடைமுறைக்கு வந்தது 2024 ஜூலை 1-ல். இடைப்பட்ட ஆறு மாதமும் இந்திய தண்டனைச் சட்டமே செல்லுபடியானது. நிறைவேறிய நாள், ஒப்புதல் நாள், நடைமுறைக்கு வந்த நாள் என மூன்றையும் தனித்தனியே சொல்லாத புத்தகத்தை நம்பிக் காவல் துறைத் தேர்வுக்குப் போகக் கூடாது.

படிப்பவர்கள் வாங்கும் முன் கடையிலேயே நின்று மூன்று இடங்களைப் புரட்டிப் பாருங்கள். தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் என்றிருந்தால் 2019-க்கு முந்தைய அச்சு; இன்று 38. மாநிலங்கள் 29, ஒன்றியப் பகுதிகள் 7 என்றிருந்தால் அதுவும் பழசு; இன்று 28, 8. மூன்றாவது, பேரவையின் 235. நடப்பு நிகழ்வுப் பகுதியில் 104-வது திருத்தமும், பாடத்தில் 235-ம் ஒன்றாக இருந்தால் ஒட்டுப்போட்ட புத்தகம் என்று அறியலாம். பள்ளிப் பாடநூலிலும் பதிப்பாண்டைப் பாருங்கள்: 2019-ன் முதல் பதிப்பில், அதே ஆண்டு அக்டோபர் 31-ல் பிரிந்த ஜம்மு காஷ்மீர் எப்படி வந்திருக்கும்? சந்தேகம் வந்தால் அரசியலமைப்பின் திருத்திய பிரதி legislative.gov.in தளத்திலும், மத்தியச் சட்டங்கள் indiacode.nic.in தளத்திலும் இலவசமாகக் கிடைக்கின்றன.

ஆனால் காசு கொடுத்தவர்தான் சரிபார்க்க வேண்டும் என்று பதிப்பாளர்கள் கைகழுவ முடியாது. எந்தத் தேதிவரை வந்த திருத்தங்கள் சேர்க்கப்பட்டுள்ளன என்பதை முதல் பக்கத்தில் அச்சிடுங்கள். ஏற்கெனவே விற்ற பிரதிகளுக்குப் பிழைதிருத்தத் தாள் கொடுங்கள். பயிற்சி மையங்கள் பழைய நகல்களை மாணவர்களுக்கு வழங்குவதை நிறுத்தட்டும்; நூலகங்கள் அவற்றைத் தேர்வு அலமாரியிலிருந்து எடுத்துத் தனியே வைக்கட்டும். அடுத்த தேர்வு அறிவிக்கை வருவதற்குள் இவை நடந்தாக வேண்டும்.