6ஜி என்றால் போன் இல்லை

பி.காம். படித்தவனுக்கு ஊரில் ஒரு தனி மரியாதை. பாங்க் லோன் முதல் கல்யாணப் பத்திரிகை வரை எந்தக் காகிதமானாலும் கொண்டுவந்து நீட்டிவிடுவார்கள். போன ஞாயிற்றுக்கிழமை வில்லியனூரில் என் வீட்டுத் திண்ணைக்கு, பாகூரிலிருந்து ஒரு பையன் பயோடேட்டாவோடு வந்தான். அபுதாபியில் வெல்டர் வேலை. சென்னையில் ட்ரேட் டெஸ்ட்.

"ஸ்பெல்லிங் மட்டும் பாத்துக் குடுங்கண்ணா!"

பார்த்தேன். ஸ்பெல்லிங் பிரமாதம். லட்சியம்: புகழ்பெற்ற நிறுவனத்தில் சவாலான பதவி. பொழுதுபோக்கு: கிரிக்கெட். அனுபவத்துக்கு மட்டும் ஒரே வரி. 'ஐந்து வருடம் வெல்டர், 6ஜி வரை எல்லா பொசிஷனும்.'

எனக்குத் தெரிந்த ஜி எல்லாம் செல்போனில் வருவதுதான். எதிர்வீட்டு மாமாவைக் கூப்பிட்டேன். அபுதாபியில் 17 வருஷம் பைப்பிங் ஃபோர்மேனாக இருந்து, வேலைக்கு வந்த ஆட்களுக்கு டெஸ்ட் வைத்தவர். லட்சியத்தையெல்லாம் தாண்டி நேராக அந்த வரிக்குப் போனார்.

"எத்தனை இன்ச் பைப் தம்பி?"

பதில் இல்லை.

"ரூட் எதுல போட்ட? டிக்-கா, ஆர்க்கா?"

பையன் என்னைப் பார்த்தான். நான் ஸ்பெல்லிங்கைப் பார்த்தேன்.

6ஜி என்பது இதுதான். ஒரு குழாயை 45 டிகிரி சாய்த்து, அசையாமல் மாட்டிவிடுவார்கள். அதைத் திருப்பக் கூடாது. வெல்டர்தான் குனிந்து, நிமிர்ந்து, அண்ணாந்து சுற்றி வந்து பற்றவைக்க வேண்டும். முதலில் போடுவது ரூட். அது குழாயின் உள்பக்கம் வரை சீராக இறங்கியிருக்க வேண்டும். வெளியே மீன் செதில் மாதிரி அழகாக இருந்தாலும், எக்ஸ்ரே எடுத்தால் உள்ளே இருக்கிற காற்றுக்குமிழியும் ஒட்டாத இடமும் காட்டிக் கொடுத்துவிடும்.

பையன் மெதுவாக உண்மைக்கு வந்தான். இரண்டு வருஷம் கேட், கிரில். மூன்று வருஷம் சேதராப்பட்டு ஷெட்டில் இரும்புத் தட்டு. செங்குத்தாக நிற்கிற தட்டில் கீழிருந்து மேலே போடுவான். அது 3ஜி. தலைக்கு மேலே போடுகிற 4ஜி சுமார். "ஏஜெண்டுதான் 6ஜின்னு போடச் சொன்னாரு. டெஸ்ட்ல பாத்துக்கலாம்னாரு."

"இங்க தப்பிச்சாலும் அங்க சைட்ல மறுபடி டெஸ்ட் வைப்பான்" என்றார் மாமா. "தோத்தா ஹெல்பர் சம்பளம். இல்லேன்னா ரிட்டர்ன் டிக்கெட். வாங்கின கடன் மட்டும் பாகூர்லயே உக்காந்திருக்கும்!"

பிறகு விளம்பரத்தை வாங்கிப் படித்தார். 6ஜிக்குக் கீழேயே இன்னொரு வரி இருந்தது: ஸ்ட்ரக்சுரல் வெல்டர், 3ஜி, 4ஜி. பயோடேட்டாவில் பழைய வரியை அடித்துவிட்டு எழுதினோம். '3 வருடம், 3ஜி, 10 முதல் 16 மி.மீ. தட்டு, 7018 ராடு.' மாமா முகத்தில் அப்போதுதான் சிரிப்பு. "இதைப் படிச்சா டெஸ்ட் வைக்கிறவனுக்கு என்ன தட்டு குடுக்கணும்னு தெரியும்."

அடுத்து சர்டிபிகேட். 'அட்டெஸ்ட் செய்தது' என்று எழுதியிருந்தான். எடுத்துக் காட்டினால், ஜெராக்ஸில் ஹெட்மாஸ்டரின் பச்சை மைக் கையெழுத்து! எமிரேட்ஸுக்கு அது செல்லாது. ஒரிஜினலைச் சான்றிதழ் கொடுத்த மாநிலம் பார்க்க வேண்டும், பிறகு நம் வெளியுறவுத் துறை, அப்புறம் எமிரேட்ஸ் தூதரகம். அது மட்டுமல்ல, ஐ.டி.ஐ. சான்றிதழில் பேருக்கு முன்னால் ஒற்றை இனிஷியல்; பாஸ்போர்ட்டில் அப்பா பேர் முழுசாக. இரண்டும் ஒரே ஆள்தான் என்று யாராவது கேட்டால் அவன்தான் நிரூபிக்க வேண்டும். 'அட்டெஸ்ட் செய்ய வேண்டும்' என்று உண்மையாகவே மாற்றினோம்.

சம்பளத்துக்கு வந்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம்ம சப்ஜெக்ட்! '10 மணி நேரம், மொத்தம் 1,500 திர்ஹம்' என்று இருந்தது. பேசிக் எவ்வளவு என்று எங்கேயும் இல்லை. பேசிக் 1,200 என்றால் 30 நாள், 8 மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு 5 திர்ஹம். அந்த ஊர்ச் சட்டப்படி ஓ.டி.க்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதல், அதாவது 6.25. தினம் 2 மணி, 26 நாள் என்றால் 325. ஆக 1,525. இது பரவாயில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் பேசிக் 800, மீதி அலவன்ஸ் என்று போட்டால்? அங்கே முதல் ஐந்து வருஷத்துக்கு கிராஜுவிட்டி வருஷத்துக்கு 21 நாள் பேசிக். 1,200-க்கு 840 திர்ஹம். 800-க்கு 560 தான்.

"ஏஜெண்ட் எவ்வளவு கேக்குறாரு?"

"தொண்ணூறுண்ணா."

பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கலாம் என்று அரசாங்கம் வைத்திருக்கும் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். பதிவு இருக்கிறதா என்று இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். அங்கேயே போன் போட வைத்தேன். முதல் கேள்வி பதிவு எண். இரண்டாவது, பேசிக் எவ்வளவு.

எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அதெல்லாம் அங்க போய்ப் பேசிக்கலாம் தம்பி... யாரு பக்கத்துல?"

பையன் போனை வைத்தான். பதிவு எண் சொல்கிற வேறு ஏஜெண்டைத் தேடச் சொல்லி மாமா எழுந்தார். "அதுக்குள்ள ஷெட்ல ஓவர்ஹெட் போட்டுப் பழகு. ஞாயித்துக்கிழமை தட்டை எடுத்துட்டு வா, பாக்கறேன்."

பொழுதுபோக்கில் கிரிக்கெட்டை மட்டும் விட்டு வைத்தோம்.